மரக் கட்டில் ஒன்று செய்ய எவ்வளவு முடியும்? கன அடியும் தச்சுக்கூலியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் கட்டில் செய்விக்கப் போகிறவர்கள் மரக்காலையிலும் தச்சுப் பட்டறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே திரட்டியிருக்கிறோம். எல்லாக் கணக்கும் ஒரே கட்டிலை வைத்துத்தான்: ஆறடிக்கு ஐந்தடி மெத்தை போடும் முதிரைக் கட்டில். விலைகளும் கூலியும் கணக்குக் காட்டுவதற்காக எடுத்த எண்கள். மரத்தின் விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கன அடி எண்டா என்ன? எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி தடிப்புள்ள மரக்கட்டி ஒரு கன அடி. ஆனால் மரக்காலையில் தடிப்பையும் அகலத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும்தான் அளப்பார்கள். ஆகவே கணக்கு இப்படி வரும்:

தடிப்பு (அங்குலம்) × அகலம் (அங்குலம்) × நீளம் (அடி) ÷ 144 = கன அடி

ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஆறங்குல அகலம், ஆறரை அடி நீளமுள்ள சட்டம் ஒன்றை எடுங்கள். 1.5 × 6 × 6.5 = 58.5. அதை 144ஆல் பிரித்தால் 0.41 கன அடி. இரண்டு சட்டத்துக்கு 0.81.

கைத்தொலைபேசியில் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆறடி ஆறங்குலம் என்பது 6.5 அடி, 6.6 அல்ல. ஐந்தடி மூன்றங்குலம் 5.25 அடி, 5.3 அல்ல. அங்குலத்தை 12ஆல் பிரித்துத்தான் அடியோடு கூட்ட வேண்டும்.

2. கடைக்காரர் கன அடி விலை சொல்லாமல் "அடி இவ்வளவு" எண்டு சொல்லுறார். அது என்ன கணக்கு?

அது ஓட்ட அடி. பலகையின் நீளத்தை மட்டும் அளந்து விலை சொல்வது. ஒரு கன அடிக்கு எத்தனை ஓட்ட அடி என்று தெரிந்தால் இரண்டு விலையையும் ஒப்பிடலாம். 144ஐத் தடிப்பாலும் அகலத்தாலும் பிரியுங்கள். ஒன்றுக்கு ஆறு பலகை என்றால் 24 அடி ஒரு கன அடி. ஒன்றுக்கு நாலு என்றால் 36 அடி. மூன்றுக்கு மூன்று கால் என்றால் 16 அடி.

ஒன்றுக்கு ஆறு பலகை அடி 400 ரூபா என்கிறார் என்று வையுங்கள். 24 × 400 = 9,600. பக்கத்து மரக்காலையில் அதே மரம் கன அடி 9,000 என்றால் எது மலிவு என்று உடனே தெரிந்துவிடும்.

3. ஆறுக்கு அஞ்சு கட்டிலுக்கு மொத்தம் எத்தனை கன அடி தேவை?

முதலில் உள்ளளவைத் தீர்மானியுங்கள். மெத்தை 72க்கு 60 அங்குலம் என்றால் கட்டிலின் உள்பக்கம் 73க்கு 61 இருக்க வேண்டும். அந்த ஓரங்குலம் விடாவிட்டால் விரிப்பைச் செருகக் கை போகாது. பிறகு ஒவ்வொரு துண்டையும், செய்து முடித்த அளவில் அல்ல, அரிந்து வாங்கும் அளவில் எழுதுங்கள். மிகச் சாதாரணமான, செதுக்கு வேலை இல்லாத கட்டில் ஒன்றின் பட்டியல் இது. தடிப்பும் அகலமும் அங்குலத்தில்:

தலைமாட்டுக் கால் 2: 3 × 3 × 4 அடி = 0.50
கால்மாட்டுக் கால் 2: 3 × 3 × 2½ அடி = 0.31
பக்கச் சட்டம் 2: 1½ × 6 × 6½ அடி = 0.81
குறுக்குச் சட்டம் 3 (தலைமாட்டில் மேலும் கீழும், கால்மாட்டில் கீழ்): 1½ × 6 × 5½ அடி = 1.03
கால்மாட்டு மேற்சட்டம் 1: 1½ × 4 × 5½ அடி = 0.23
தலைமாட்டு நிலைப்பலகை 7: 1 × 5 × 2¼ அடி = 0.55
கால்மாட்டு நிலைப்பலகைகளுக்கு 1 (ஏழாக வெட்டுவதற்கு): 1 × 5 × 5½ அடி = 0.19
பக்கச் சட்டத்தில் பொருத்தும் தாங்கு கட்டை 2: 1½ × 1½ × 6 அடி = 0.19
நடுச்சட்டம் 1: 2 × 3 × 6½ அடி = 0.27
நடுக்கால் 1: 3 × 3 × 1 அடி = 0.06

இவை 4.14 கன அடி. மெத்தைக்குக் கீழே போடும் விரிபலகை 13 (1 × 4 × 5½ அடி) 1.99 கன அடி. எல்லாமாக 6.13. இதோடு வெடிப்பு, கணு, தோலை அடுத்த வெள்ளை என்று கழிபடுவதற்குப் பத்து வீதம் சேர்த்தால் முதிரை நாலரை, விரிபலகை மரம் இரண்டேகால், மொத்தம் ஆறேமுக்கால் கன அடி வாங்க வேண்டும்.

4. கட்டிலை அளந்து பாத்தன், நாலரைக் கன அடிதான் வருது. தச்சர் ஆறேமுக்கால் கேக்கிறார். மிச்சம் எங்க போகுது?

சீவல்தூளாகப் போகிறது. வாளால் அரிந்த ஒன்றரை அங்குலச் சட்டத்தை இரண்டு முகமும் சீவி மட்டமாக்கினால் ஒன்றேகால்தான் நிற்கும். ஓரங்குலப் பலகை முக்காலாகும், மூன்றங்குலக் கால் இரண்டேமுக்காலாகும். மெல்லிய பலகையில்தான் இழப்பு பெரிது. ஓரங்குலத்தில் கால் அங்குலம் போனால் மரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. அதே கால் அங்குலம் மூன்றங்குலக் காலில் போனால் ஒரு முகத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

இதோடு நீளத்திலும் போகும். பக்கச் சட்டம் முடிவில் 75 அங்குலம், வாங்குவது 78. மரத்தின் இரண்டு முனையிலும் வெயில் வெடிப்பு இருக்கும், அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அளக்க முடியும். மூன்றாம் கேள்வியின் கட்டிலைச் செய்து முடித்தபின் துண்டு துண்டாக அளந்தால் ஏறக்குறைய 4.4 கன அடி வரும். வாங்கியதில் 65 வீதம். தச்சர் மரம் எடுத்துவிட்டார் என்று சந்தேகப்படுவதற்கு முன் இந்த விகிதத்தைப் பாருங்கள். முடிந்த கட்டிலின் அளவை 0.65ஆல் பிரித்தால் வாங்கியிருக்க வேண்டிய மரம் கிட்டத்தட்ட வந்துவிடும். அதைவிட ஒரு கன அடிக்கு மேல் கூடியிருந்தால் அப்போது மிச்சத் துண்டுகளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

5. சரி, காசுக் கணக்கு எப்பிடி வரும்?

அரிந்த முதிரை கன அடி 9,000 ரூபா, விரிபலகைக்கு வேம்பு கன அடி 4,000 ரூபா என்று வைப்போம். 4½ × 9,000 = 40,500. 2¼ × 4,000 = 9,000. மரத்துக்கு 49,500.

தச்சருக்கு நாட்கூலி 5,000 வீதம் ஐந்து நாள், 25,000. உதவியாளுக்கு 3,000 வீதம் இரண்டு நாள், 6,000. கூலி 31,000. மெசினில் சீவுவதற்கு 3,000, போல்ட், திருகாணி, மரப்பசை, அரத்தாள் 3,500, சீலரும் வார்னிஷும் அடிக்கும் கூலியும் சேர்த்து 9,000, மரம் ஏற்றி இறக்க லான்ட்மாஸ்டர் 2,500. இவை 18,000. ஆக மொத்தம் 98,500 ரூபா.

இதில் பாதி மரம், மூன்றில் ஒரு பங்கு கூலி, மிச்சம் சில்லறைச் செலவு. வீட்டில் வேலை நடந்தால் சாப்பாடும் தேத்தண்ணியும் இதற்கு வெளியே. பலர் மரத்தையும் கூலியையும் மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் அந்த 18,000இல்தான் முட்டுப்படுகிறார்கள்.

6. ஒரு கட்டிலுக்கு அஞ்சு நாளா? ரெண்டு நாளில முடிக்கலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார்.

இரண்டு நாளிலும் ஒரு கட்டில் செய்யலாம், ஆணியடித்து. வித்தியாசம் கழுந்தில்தான், அதாவது துளைக்குள் செருகுவதற்காக மரத்தின் முனையில் வெட்டும் நாக்கில்தான் இருக்கிறது. மேலே சொன்ன கட்டிலில் நாலு குறுக்குச் சட்டத்துக்கு எட்டுக் கழுந்து, தலைமாட்டு நிலைப்பலகை ஏழுக்கும் மேலும் கீழுமாகப் பதினாலு, கால்மாட்டிலும் பதினாலு. மொத்தம் 36 கழுந்தும் 36 துளையும். முதல் நாள் மரம் தெரிந்து, வெட்டி, சீவக் கொண்டுபோய் வருவதோடு சரி. இரண்டும் மூன்றும் துளை போடவும் கழுந்து வெட்டவும் போகும். நாலாம் நாள் பசை போட்டு இறுக்கிக் கட்டுவது, ஐந்தாம் நாள் பக்கச் சட்டத்துக்குப் போல்ட் துளையும் விரிபலகையும் அரத்தாளும்.

இரண்டு நாள்காரர் நிலைப்பலகைக்குத் துளை போடாமல் சட்டத்தின் பின்பக்கம் ஆணியால் அறைவார். பார்வைக்கு ஒன்றுதான். சாய்ந்து சாய்ந்து இருக்க ஓரிரண்டு வருடத்தில் ஆணி இளகிக் கிறீச்சிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தலைமாட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நிலைப்பலகை சட்டத்துக்குள் நுழைந்து மறைந்தால் கழுந்து. சட்டத்தின் மேல் படிந்து நின்றால் ஆணி.

பூவேலை, கடைசல் கால் என்று கேட்டால் நாட்கள் கூடும். கடைசல் காலுக்கு மரம் கூடத் தேவை: மூன்றங்குலக் காலைக் கடைந்தால் மெலிந்துவிடும், நாலுக்கு நாலு வாங்க வேண்டிவரும்.

7. நாட்கூலியோ கொந்தராத்தோ, எது நல்லம்?

வடிவம் தெளிவாக இருந்தால் கொந்தராத்து. நீங்கள் பக்கத்தில் நின்று அதை மாற்று, இதை மாற்று என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் நாட்கூலி. நாட்கூலியில் மழையும் மின்வெட்டும் உங்கள் கணக்கு. கொந்தராத்தில் அவசரம் அவர் கணக்கு, அந்த அவசரம் கழுந்தில் தெரியும்.

கொந்தராத்துப் பேசும்போது நாலு விடயத்தைக் கடதாசியில் எழுதுங்கள்: மெசினில் சீவும் காசு யார் கொடுப்பது, ஆணி, பசை, போல்ட் யார் வாங்குவது, பொலிஷ் வேலை உள்ளடக்கமா, மிச்ச மரம் யாருக்கு. பிணக்கு வருவது பெரும்பாலும் பொலிஷில்தான். தச்சர் பலர் அரத்தாள் போட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

8. முதிரை, தேக்கு, வேம்பு: எதில செய்தா கணக்குக்குச் சரி?

கன அடி விலையை மட்டும் பார்த்தால் பிழைத்துப்போகும். முதிரை காய்ந்தபின் கன அடி ஏறக்குறைய 25 கிலோ வரும், தேக்கு 18, 19 கிலோ. முதிரை உளியையும் சீவுளியையும் சீக்கிரம் மழுங்கடிக்கும், ஆணி நேரே இறங்காது, திருகாணிக்கு முன்துளை போட்டே ஆக வேண்டும். அதே கட்டிலைத் தேக்கில் செய்தால் அரை நாளோ ஒரு நாளோ மிஞ்சலாம். மேலே ஐந்து நாள் என்று போட்டது முதிரைக்கு. தேக்குக்கு நாலரை என்று வைத்தால் கூலியில் 2,500 குறையும்.

வேம்பு கறையானுக்கு லேசில் அகப்படாது, விலையும் குறைவு. ஆனால் நேரான நீண்ட சட்டம் கிடைப்பது கஷ்டம், சரியாகக் காயாவிட்டால் முறுக்கும். ஆறரை அடிப் பக்கச் சட்டத்துக்கு வேம்பை நம்ப வேண்டாம். ஐந்தடி விரிபலகைக்கு அது தாராளமாகப் போதும், மெத்தைக்குக் கீழே யார் பார்க்கிறார்கள்? எல்லாவற்றையும் முதிரையில் போட்டால் அந்த இரண்டேகால் கன அடிக்கும் 9,000 வீதம் 20,250 ஆகும். வேம்பால் மிஞ்சுவது 11,250 ரூபா. இரண்டு நாள் தச்சுக்கூலிக்கு மேல்.

9. மெத்தை ஆறுக்கு ஆறு வாங்கினா செலவு எவ்வளவு கூடும்? தனிக் கட்டில் எண்டா பாதியா?

இரண்டு பேரும் ஏமாறுவார்கள், ஒருவர் சந்தோஷமாக, மற்றவர் துக்கமாக. ஆறுக்கு ஆறு என்றால் குறுக்குச் சட்டங்கள் ஓரடி நீளும், நிலைப்பலகை ஒன்று கூடும், விரிபலகை ஆறரை அடியாகும். காலும் பக்கச் சட்டமும் அப்படியே. கழிவையும் சேர்த்து முதிரை 0.38, வேம்பு 0.40 கன அடிதான் கூட வேண்டும். மேற்சொன்ன விலையில் ஏறக்குறைய 5,000 ரூபா. கூலி பெரிதாக மாறாது. நடுச்சட்டத்துக்கு இரண்டு கால் போடச் சொல்லுங்கள், அகலம் கூடக்கூட விரிபலகை தொய்யும்.

மூன்றடித் தனிக் கட்டிலில் பக்கச் சட்டமும் நாலு காலும் குறையாது. குறைவது குறுக்குச் சட்டம், நிலைப்பலகை (ஏழுக்குப் பதில் நாலு), விரிபலகை நீளம், நடுச்சட்டம் தேவையில்லை. முதிரை 3.35, வேம்பு 1.4 கன அடி. மரம் 35,750 ரூபா வரும். கழுந்து 36 இல்லை, 24. தச்சருக்கு நாலு நாள், உதவியாளுக்கு இரண்டு நாள் என்றால் கூலி 26,000. சில்லறை 16,000 என்று போட்டால் மொத்தம் 77,750. பெரிய கட்டிலின் முக்கால் பங்குக்கும் மேல். பிள்ளைகளுக்கு இரண்டு தனிக் கட்டில் செய்விக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

10. மரக்காலையில அளக்கேக்க எதில கவனமா இருக்கவேணும்?

தடிப்பில். ஓரங்குலம் என்று சிட்டையில் எழுதிய பலகையை நாடாவால் அளந்தால் முக்காலும் அரைக்காலும்தான் இருக்கும் சில நேரம். எட்டில் ஒரு பங்கு மரம் இல்லை, ஆனால் காசு முழுதாக வாங்கப்படுகிறது. அதைச் சீவினால் அரை அங்குலம் சொச்சமாகிவிடும், விரிபலகைக்கு ஆகாது. பலகையின் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது வெள்ளை. மரத்தின் நடு வைரம், தோலை அடுத்த வெளிர்நிறப் பகுதி வெள்ளை. தேக்கில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும், முதிரையில் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளை உளுக்கும், மாவு மாவாகக் கொட்டும். ஆறங்குலப் பலகையில் ஓரங்குலம் வெள்ளை என்றால் உங்களுக்கு உதவுவது ஐந்தங்குலம். அந்தப் பலகையைக் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது அகலத்தை ஐந்தென்று எழுதச் சொல்லுங்கள். வெள்ளையை வாங்கி வந்து தச்சரிடம் கொடுத்துவிட்டு, அவர் கூட மரம் கேட்கிறார் என்று முறைப்படுவதில் நியாயமில்லை.

11. பச்சை மரம் மலிவாக் கிடைக்குது. வாங்கலாமா?

வாங்கலாம், காத்திருக்க முடிந்தால். ஓரங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பலகை சீக்கிரம் காயும், மாரியில் அசையாது. காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அடுக்கும்போது பலகைக்கிடையில் ஒரே தடிப்பான குச்சிகளை ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வளையும்.

காயும்போது ஆறங்குலப் பலகை அகலத்தில் கால் அங்குலம் வரை சுருங்கக்கூடும். ஆகவே பச்சையில் அளந்து வாங்கிய ஒரு கன அடி, காய்ந்தபின் ஒரு கன அடி அல்ல. பச்சை மரத்துக்குக் கழிவைப் பத்து வீதமல்ல, பதினைந்து என்று போடுங்கள். காயாமல் கட்டில் செய்தால் துளைக்குள் கழுந்து சுருங்கித் தளரும். பசை அதைப் பிடித்து வைக்காது. ஆறாம் மாதம் கட்டில் கிறீச்சிடத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், தச்சரின் கை அல்ல.

12. குற்றியா வாங்கி அரிஞ்சா லாபம் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

குற்றியைப் பொறுத்தது. குற்றியைக் கால்சுற்று முறையில் அளப்பார்கள்: நடுச்சுற்றளவை நாலால் பிரித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நாலடிச் சுற்றளவு, பன்னிரண்டரை அடி நீளம் என்றால் 1 × 1 × 12½ = 12½ கன அடி. உண்மையில் அந்தக் குற்றியில் ஏறக்குறைய 16 கன அடி மரம் இருக்கும். முதுகுப் பலகையும் வாள் தூளும் போகும் என்பதற்காக இந்த முறையிலேயே ஐந்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அது போதாது. நேரான, நல்ல குற்றியில் உண்மையான அளவில் பாதி, அதாவது ஏழரை எட்டுக் கன அடி அரிந்த மரமாக வரும்.

கால்சுற்றுக் கன அடி 5,000 என்றால் குற்றி 62,500. அரிகூலி கன அடிக்கு 400 வீதம் 5,000, ஏற்றுக்கூலி 4,000. மொத்தம் 71,500. ஏழேமுக்கால் கன அடி கிடைத்தால் ஒன்று 9,226 ரூபா விழும், அரிந்து வாங்குவதோடு கிட்டத்தட்டச் சமன். நடுவில் பொந்தோ சுழல் வெடிப்போ இருந்து ஆறு கன அடிதான் வந்தது என்றால் ஒன்று 11,900க்கு மேல். ஆக, லாபம் என்பது குற்றியைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு.

நீளத்தைப் பன்னிரண்டரை என்று எடுத்ததற்கும் காரணம் உண்டு. பக்கச் சட்டத்துக்கு ஆறரை, குறுக்குச் சட்டத்துக்கும் விரிபலகைக்கும் ஐந்தரை. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு, முனை வெட்ட அரை அடி. எட்டடிக் குற்றி வாங்கினால் ஆறரை வெட்டியபின் நிற்கும் ஒன்றரை அடி நடுக்காலுக்கும் அடுப்புக்கும்தான்.

13. எங்கட வளவில நிக்கிற மரத்தை வெட்டினா மரக்காசு மிச்சம்தானே?

மரத்தின் விலை மிச்சம், வேறு செலவு உண்டு: தறிகூலி, ஏற்றுக்கூலி, அரிகூலி, காயும் காலம். அதற்கு முன் அனுமதி. பலா மரம் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. முதிரை போன்றவற்றைத் தறிக்கவும் லொறியில் ஏற்றவும் கடதாசி தேவை. கோடரி வைப்பதற்கு முன் கிராம அலுவலரிடமும் வனத் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். வழியில் மறித்தால் மரமும் வாகனமும் சேர்ந்தே நிற்கும்.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. 2009க்கு முந்திய மரமென்றால் உள்ளே செல் துண்டோ சன்னமோ புதைந்திருக்கலாம். தோல் மூடி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. தோலில் பழைய வடு, அரிந்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. அரிகாலை வாள் அதில் பட்டால் பற்கள் போகும், சில வேளை வாளே தெறிக்கும். வாள் உடைந்தால் காசு யார் கட்டுவது என்று அரியக் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். சண்டை நடந்த இடத்து மரத்தை வாங்க மறுக்கும் அரிகாலையும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

14. கடையில முதிரைக் கட்டில் 65,000க்கு இருக்கு. நாங்கள் செய்விச்சா ஏன் 98,000?

நாடாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பக்கச் சட்டம் ஒன்றேகாலா, முக்காலா? கால் இரண்டேமுக்காலா, இரண்டேகாலா? விரிபலகை பதின்மூன்றா, எட்டா? நடுச்சட்டம் இருக்கிறதா? தலைமாட்டுப் பலகை மரமா, மேலே மரத்தாள் ஒட்டிய பலகையா என்று கீழ் விளிம்பைப் பார்த்தால் தெரியும். மரமென்றால் முகத்து ரேகை விளிம்பிலும் தொடரும். துண்டுகளை அளந்து முதலாம் கேள்விச் சூத்திரத்தில் போட்டு, நாலாம் கேள்வியில் சொன்னபடி 0.65ஆல் பிரியுங்கள். பெரும்பாலும் நாலு, நாலரைக் கன அடிக் கட்டிலாக இருக்கும். நீங்கள் செய்விப்பது ஆறேமுக்கால். விலை அல்ல, கட்டில்தான் வேறு.

அளவுகள் ஒத்து வந்தும் விலை குறைவென்றால் மரத்தைச் சந்தேகியுங்கள். கழற்றிய பக்கச் சட்டம் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றேகால், ஐந்தேமுக்கால், ஆறேகாலடிச் சட்டம் 0.31 கன அடி. முதிரையென்றால் ஏழரை, எட்டுக் கிலோ இருக்க வேண்டும். ஐந்து கிலோவில் நின்றால் அது சாயம் பூசிய வேறு மரம்.

15. கட்டில் செய்து ஒரு வருசமாகேல்ல, விரிபலகை கீழ விழுகுது. மரம் பிழையா, தச்சர் பிழையா?

மரம் அல்ல. உள்ளகலம் 61 அங்குலம், விரிபலகை 60. ஒவ்வொரு முனையும் தாங்கு கட்டையில் முக்கால் அங்குலம்தான் படிந்திருக்கும். பக்கச் சட்டம் நடுவில் அரை அங்குலம் வெளியே வளைந்தாலே பலகை வழுவத் தொடங்கும். எல்லாப் பலகையையும் சும்மா அடுக்கி விட்டிருந்தால் சட்டத்தை உள்ளே இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை.

முதலாவது, நடுவது, கடைசி என்று குறைந்தது ஐந்து விரிபலகையையாவது இரு முனையிலும் திருகாணியால் தாங்கு கட்டையோடு இறுக்குங்கள். முன்துளை போடாமல் இறுக்கினால் முனை வெடிக்கும். நடுச்சட்டத்தின் மேல்முகம் தாங்கு கட்டையின் மேல்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் பாரமெல்லாம் பக்கச் சட்டத்துக்குப் போகிறது, நடுக்காலின் கீழ் ஒரு மெல்லிய துண்டு வைத்து உயர்த்தினால் போதும். பத்துத் திருகாணியும் அரை மணித்தியாலமும் தேவைப்படும் வேலை. இதற்குத் தச்சரைக் கூப்பிட்டு ஒரு நாட்கூலி கொடுக்க வேண்டியதில்லை.